நல்லா சாப்பிடுறவளுக்கு என்ன டிப்ரெஷன்?

கேள்வி: எனக்கும் அண்ணனுக்கும் ஒரே வருஷத்துல டிப்ரெஷன், கூடவே பதட்டமும் இருக்குன்னு டாக்டர் சொன்னார். எனக்கு 7 மாசத்துல 9 கிலோ ஏறிடுச்சு, அண்ணன் 3 மாசத்துல 68ல இருந்து 62 ஆயிட்டார். வீட்ல அவரை மட்டும்தான் நோயாளியா பாக்குறாங்க, என்னைப் பார்த்தா "நல்லா சாப்பிடுறவளுக்கு என்ன டிப்ரெஷன்"னு கேக்குறாங்க. ஒரே நோய் எப்படி ரெண்டு பேரை ரெண்டு பக்கமா இழுக்கும்?

வீட்ல கேக்குறாங்களே அந்தக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா நீங்க அதைத்தான் மனசுல போட்டு உருட்டிட்டு இருக்கீங்கன்னு தோணுது. பசி குறையறதும் டிப்ரெஷனோட அறிகுறிதான், பசி கூடறதும் டிப்ரெஷனோட அறிகுறிதான். மனநல டாக்டருங்க நோயை முடிவு பண்ண வெச்சிருக்கற டிஎஸ்எம்-5 புத்தகத்துலயே ரெண்டும் ஒரே வரியிலதான் இருக்கு, டயட் எதுவும் இல்லாம ஒரு மாசத்துல உடல் எடையில 5 சதவீதத்துக்கு மேல ஏறினாலும் சரி இறங்கினாலும் சரி, இல்ல கிட்டத்தட்ட தினமும் பசி கூடியோ குறைஞ்சோ இருந்தாலும் சரி, அது ஒரு அறிகுறின்னு. அதனால உங்க தட்டைப் பார்த்து உங்க மனசை யாரும் அளக்க முடியாது. நான் டயட்டீஷியன், 14 வருஷமா மனநலப் பிரிவுல வேலை பாக்கறேன், உங்க அண்ணன் மாதிரி வர்றவங்களையும் உங்களை மாதிரி வர்றவங்களையும் ஒரே நாள்ல அடுத்தடுத்து பாக்கறதுதான் என் வேலை. சாப்பிடாதவங்களைக் குடும்பமே கையைப் பிடிச்சு கூட்டிட்டு வரும், ஜாஸ்தி சாப்பிடறவங்க பெரும்பாலும் தனியாத்தான் வருவாங்க, அதுவும் "என் வெயிட்டைக் குறைக்க ஒரு சார்ட் குடுங்க"ன்னு கேட்டுட்டு. மனசு சரியில்லைங்கறது ரெண்டாவது மூணாவது தடவை வர்றப்பதான் மெதுவா வெளிய வரும்.

இப்ப ஏன் ரெண்டு பக்கமும் போகுதுன்னு பாப்போம். சாப்பிடணும்னு நமக்கு தோணறதுக்குப் பின்னாடி ரெண்டு வேற வேற விஷயம் இருக்கு. ஒண்ணு, உடம்புக்குள்ள இருந்து வர்ற சேதி, வயிறு காலி, சக்தி வேணும்னு. இன்னொண்ணு, சாப்பாட்டைப் பார்த்தா வர்ற ஆசை, அதைச் சாப்பிட்டா கொஞ்சம் நல்லா இருக்கும்னு மூளை போடற கணக்கு. சாதாரண நாள்ல ரெண்டும் சேர்ந்தே ஓடறதால நாம பிரிச்சுப் பாக்கறதே இல்ல. டிப்ரெஷன்ல ரெண்டும் பிரிஞ்சிடுது, எது கெட்டுப் போகுதுங்கறது ஆளுக்கு ஆள் மாறுது. 2016ல அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரியில வந்த ஒரு ஆய்வுல, பசி கூடின டிப்ரெஷன்காரங்க, பசி குறைஞ்ச டிப்ரெஷன்காரங்க, நோய் இல்லாதவங்கன்னு மூணு குழுவை ஸ்கேனர்ல படுக்க வெச்சு சாப்பாட்டு போட்டோ காட்டினாங்க. பசி கூடினவங்களுக்கு ஆசையையும் பலனையும் கவனிக்கற மூளைப் பகுதிங்க அதிகமா வேலை செஞ்சுது. பசி குறைஞ்சவங்களுக்கு உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு படிக்கற இன்சுலாங்கற பகுதி மந்தமா இருந்துச்சு. சின்ன ஆய்வுதான், ஒவ்வொரு குழுவுலயும் 20 பேர்கூட கிடையாது, அதனால இதையே முடிஞ்ச முடிவுன்னு எடுத்துக்காதீங்க. ஆனா நோயாளிங்க வாயால சொல்றதோட இது ரொம்ப ஒத்துப் போகுது.

அண்ணன் மாதிரி இருக்கறவங்க "பிடிக்கல"ன்னு சொல்லவே மாட்டாங்க, "தோணல"ன்னுதான் சொல்வாங்க. காலையில இருந்து சாப்பிடலைங்கறதே சாயங்காலம் யாராவது கேட்டாதான் ஞாபகம் வரும். வாயில வெச்சா அட்டையை மெல்லற மாதிரி இருக்கு, மென்னு மென்னு விழுங்கவே மனசு வரலன்னு சொல்வாங்க. இதுல மூளையில சுரக்கற சிஆர்ஹெச்ங்கற ஹார்மோனுக்கும் பங்கு இருக்கு, உடம்பு ஆபத்துல இருக்குன்னு மூளை நினைச்சா முதல்ல அனுப்பற சிக்னல்கள்ல அது ஒண்ணு, பசியை அடக்கறது அதோட குணம். இந்த வகை டிப்ரெஷன் நல்லா முத்தினா மெலன்கோலிக்னு சொல்வோம், விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே முழிப்பு வந்துடும், காலையிலதான் மனசு ரொம்ப கனமா இருக்கும், பொழுது சாய சாய கொஞ்சம் லேசாகும். இந்த கடைசி விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, அண்ணனுக்கு எப்ப சாப்பாடு வைக்கணும்னு சொல்றப்ப இது தேவைப்படும்.

உங்க பக்கம் வேற கதை. பசி கூடி, தூக்கம் கூடி, கை கால் ஈயத்தைக் கட்டின மாதிரி கனத்து, யாராவது லேசா முகம் சுளிச்சாக்கூட நாள் முழுக்க வலிக்கற மாதிரி இருந்தா, ஆனா ஒரு நல்ல சேதி வந்தா கொஞ்ச நேரம் மனசு நிமிருதுன்னா, அதுக்கு எடிப்பிக்கல் டிப்ரெஷன்னு பேரு. வழக்கத்துக்கு மாறானதுன்னு அர்த்தம் வர்ற பேரைப் பார்த்து ஏதோ அபூர்வமானதுன்னு நினைச்சுடாதீங்க, நிறைய பேருக்கு இருக்கு. நடுவுல மனசு நிமிரும்ங்கற அந்த குணத்தால்தான் வீட்ல நம்ப மாட்டேங்கறாங்க, நேத்து சிரிச்சியே, ரெண்டு தடவை வாங்கி சாப்பிட்டியேன்னு. மூளையோட கண்ணுல பாருங்க. எதுலயும் சந்தோஷம் வர மாட்டேங்குது, பாட்டுல இல்ல, பேச்சுல இல்ல, வேலையில இல்ல, இன்னும் கொஞ்சமாவது பலன் தர்றதுன்னு மிச்சம் இருக்கறது இனிப்பும் கொழுப்பும் உப்பும்தான், அதுவும் கைக்கெட்டற தூரத்துல இருக்கு, எழுந்து குளிச்சு கிளம்ப வேண்டியதில்ல. அதனால அங்கயே திரும்பத் திரும்பப் போகுது. அந்த சாப்பாட்டை அவங்க ரசிச்சு சாப்பிடறாங்களான்னா பெரும்பாலும் இல்ல. "முதல் ரெண்டு வாய் நல்லா இருந்துச்சு, அப்புறம் கை மட்டும்தான் போயிட்டு இருந்துச்சு"ன்னு ஒருத்தங்க என்கிட்ட சொன்னாங்க, இதை இதைவிட சரியா யாராலயும் சொல்ல முடியாது.

இதுக்கு மேல உடம்பு சேர்க்கற விஷயமும் இருக்கு. மன அழுத்தம் மாசக்கணக்குல நீடிச்சா கார்ட்டிசால்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் பலருக்கு இனிப்பு, கொழுப்பு மேல ஆசையைத் தூண்டும், தூக்கம் துண்டு துண்டா உடைஞ்சாலும் அடுத்த நாள் பசி ஏறும். இந்த வகையில இருக்கறவங்க ரத்தத்துல சிஆர்பி மாதிரி அழற்சி குறிகள் அதிகமா இருக்கறது நிறைய ஆய்வுல வந்திருக்கு, உடல் பருமனோட சம்பந்தப்பட்ட மரபணுக்களும் இவங்ககிட்ட கொஞ்சம் ஜாஸ்தி சேர்ந்திருக்கு. ஆனா எது காரணம் எது விளைவுன்னு இன்னும் பிரிக்கல, எடை ஏறினாலே சிஆர்பி ஏறும் இல்லையா. டிப்ரெஷன் எந்தப் பக்கம் போகும்னு முன்கூட்டியே சொல்லற ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது, யாராவது காசு வாங்கிட்டு அப்படி சொன்னா நம்பாதீங்க. ஒண்ணு மட்டும் கேட்டுப் பாருங்க உங்களையே: டிப்ரெஷனுக்கு முன்னாடி நீங்க பல வருஷமா டயட்ல, அளந்து அளந்து சாப்பிட்டுட்டு இருந்தவங்களா? 1976லயே இதைக் கவனிச்சு எழுதியிருக்காங்க, எப்பவும் கட்டுப்பாட்டோட சாப்பிடறவங்களுக்கு டிப்ரெஷன் வந்தா எடை ஏறவும், அப்படி எந்த கட்டுப்பாடும் வெச்சுக்காதவங்களுக்கு வந்தா இறங்கவும் செய்யுதுன்னு. கட்டுப்பாடுங்கறதே மனசோட தெம்புல நடக்கற வேலை, அந்தத் தெம்பு போனா பிடி தளருது. என் அனுபவத்துலயும் இது அடிக்கடி சரியா வருது, எல்லாருக்கும் இல்ல.

பதட்டம் இதுக்குள்ள எப்படி வருதுன்னா, அது நேரா வயித்தைப் பிடிக்கும். பயம் வந்தா உடம்பு செரிமானத்தை நிறுத்தி வெச்சிட்டு ஓடறதுக்குத் தயாராகும், இரைப்பையில இருந்து சாப்பாடு கீழ இறங்கறது மெதுவாகும், அதனாலதான் நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைஞ்ச மாதிரி, குமட்டற மாதிரி, தொண்டையில ஏதோ உருண்டை நிக்கற மாதிரி இருக்கறது. கடுமையான பதட்டம் பொதுவா பசியைக் கொல்லும். ஆனா நாள் முழுக்க லேசா இழுத்துட்டே இருக்கற பதட்டம் சிலருக்கு நேர்மாறா வேலை செய்யும், எதையாவது கொறிச்சுட்டே இருந்தா கொஞ்சம் அடங்குது, அந்த அசைபோடறதே ஆறுதல். இன்னொரு பொறியையும் சொல்லணும், பதட்டத்துல சாப்பிட முடியலைன்னு காபி மேல காபி குடிச்சே பொழுதை ஓட்டறவங்க. காலி வயித்துல காபி படபடப்பைக் கூட்டும், அந்தப் படபடப்பைப் பதட்டம்னு நினைச்சு இன்னும் சாப்பிடாம இருப்பாங்க. அண்ணன் இப்படி செய்யறாரான்னு கொஞ்சம் கவனிங்க.

9 கிலோ ஏறிடுச்சுன்னு சொல்றப்ப உங்க எழுத்துலயே ஒரு குற்ற உணர்ச்சி தெரியுது, அதனால ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரின்னு வெச்சுக்கறது வழக்கம். 9 கிலோன்னா 69,300. அதை 7 மாசத்துக்கு, அதாவது 210 நாளைக்குப் பிரிச்சா ஒரு நாளைக்கு 330 கலோரி வருது. ஒரு சின்ன பாக்கெட் பிஸ்கட், அவ்வளவுதான். அதுலயும் முழுக்க சாப்பாடுனு சொல்ல முடியாது, படுக்கையை விட்டு எழுந்திருக்காத நாள்ல நடமாட்டம் குறைஞ்சதால செலவாகாம நின்ன கலோரியும் அதுக்குள்ளதான் இருக்கு. அண்ணனோட 6 கிலோவை அதே மாதிரி 90 நாளைக்குப் பிரிச்சா தினமும் 510 சொச்சம், கிட்டத்தட்ட ஒரு வேளை சாப்பாடு விட்டுப் போறது. இது துல்லியமான கணக்கு இல்ல, எடையில தண்ணியும் தசையும் கலந்திருக்கும், எடை மாற மாற உடம்பு செலவு பண்றதும் மாறும். ஆனா அளவு புரியுது பாருங்க, நீங்க ஒண்ணும் கட்டுப்பாடில்லாம தின்னு தீர்க்கல, அவரும் பட்டினி கிடக்கல, ரெண்டு பேருக்கும் ஒரு நாளோட ஒரு மூலை மட்டும் சாஞ்சிருக்கு.

அடுத்தது மாத்திரை, இதை நீங்க எழுதல, ஆனா நான் கேக்காம விட மாட்டேன். 9 கிலோவுல எவ்வளவு மாத்திரைக்கு முன்னாடி, எவ்வளவு பின்னாடி? மிர்டாசபின் பசியை நல்லா கிளப்பும், தூக்கத்தையும் தரும், அதனாலயே சாப்பிடாம தூங்காம இருக்கறவங்களுக்கு டாக்டர் அதைத் தேர்ந்தெடுக்கறதும் உண்டு. அமிட்ரிப்டிலின், பராக்ஸிடின், சில சமயம் கூட சேர்த்து தர்ற ஓலன்சபின், குவெடியாபின் இதெல்லாமும் எடையை ஏத்தக் கூடியது. ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ராலின் மாதிரி மாத்திரைங்க ஆரம்ப வாரங்கள்ல குமட்டலும் பசியின்மையும் தரலாம், அண்ணன் அதுல ஏதாவது சாப்பிட்டா அவரோட இறக்கத்துல ஒரு பங்கு அதுக்கு இருக்கலாம். புப்ரோப்பியான் பெரும்பாலும் எடையை ஏத்தாது. இதைப் படிச்சிட்டு தயவுசெஞ்சு யாரும் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, திடீர்னு நிறுத்தினா தலைசுத்தல், எரிச்சல், தூக்கமின்மைன்னு வேற ஒரு அவதி வரும், நோயும் திரும்பலாம். எடை ஏறுதுன்னு டாக்டர்கிட்ட வாய்விட்டு சொல்லுங்க, மாத்தறதுக்கு வழி இருக்கு, பல பேர் சொல்லாமலே நிறுத்திடறாங்க, எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற விஷயம் இது.

உங்களை மாதிரி ஒருத்தங்களோட நோட்டுப் புத்தகம் பத்தி சொல்றேன், அடையாளம் தெரியாத மாதிரி. 41 வயசு, வேலைக்குப் போறவங்க, ஒரு வருஷத்துல நல்லா எடை ஏறி வந்தாங்க, வந்ததும் "நாள் முழுக்க தின்னுட்டே இருக்கேன் மேடம்"னு அழுதாங்க. நாலு கட்டம் போட்டு எழுதச் சொன்னேன்: மணி, என்ன சாப்பிட்டேன், அதுக்கு முன்னாடி பசி 10க்கு எவ்வளவு, மனக் கஷ்டம் 10க்கு எவ்வளவு. கலோரி எழுத வேணாம்னு கண்டிப்பா சொல்லிட்டேன், அதை எழுதினா வெட்கத்துல பாதியை மறைச்சிடுவாங்க. ரெண்டு வாரம் கழிச்சு பார்த்தா நாள் முழுக்கல்லாம் இல்ல. காலையில காபி மட்டும். மதியம் பாதி சாப்பாடு, நேத்து ராத்திரி சாப்பிட்டதுக்கு தண்டனை மாதிரி. சாயங்காலம் 5 மணிக்கு பசி 8, ஆனா வேலை, தள்ளிப் போட்டுடறாங்க. ராத்திரி 9ல இருந்து 12 வரை சாப்பாடு, அந்த நேரத்துல பசி முதல்ல 7, அப்புறம் 2, ஆனா மனக் கஷ்டம் 8லயே நிக்குது. பசி 2 ஆன பிறகும் கை போயிட்டே இருக்குல்ல, அந்த இடத்தை அவங்களே விரல் வெச்சுக் காட்டினாங்க. வாரத்துல 6 ராத்திரி இப்படி.

இதுல எல்லாரும் செய்யற தப்பு ராத்திரி சாப்பாட்டைத் தடை பண்றது. நாங்க ராத்திரியைத் தொடவே இல்ல, பகலைத்தான் சரி பண்ணோம். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள்ள ஏதாவது, மதியம் முழு சாப்பாடு, சாயங்காலம் ஒரு சிற்றுண்டி, எந்த ரெண்டு வேளைக்கும் நடுவுல 4 மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது, நேத்து ராத்திரி என்ன நடந்திருந்தாலும் காலைச் சாப்பாட்டை விடக் கூடாது. அந்த கடைசி விதிதான் கஷ்டம், அதுக்குத்தான் மூணு வாரம் ஆச்சு. ஒரு மாசம் கழிச்சு, வாரத்துக்கு 6 ராத்திரிங்கறது 2, 3 ராத்திரி ஆச்சு. எடை ஏறறது நின்னுச்சு, இறங்க ஆரம்பிக்க இன்னும் பல மாசம் ஆச்சு, அதுவும் டிப்ரெஷனுக்கான சிகிச்சை வேலை செய்ய ஆரம்பிச்ச பிறகுதான். டிப்ரெஷன் உச்சத்துல இருக்கறப்ப கடுமையான டயட்ல இறங்காதீங்கன்னு நான் சொல்றது இதனாலதான், பட்டினி போட்ட பகல் ராத்திரியை இன்னும் மோசமாக்கும், அப்புறம் தோத்துட்டோம்னு இன்னொரு பாரம் சேரும். ராத்திரி சாப்பிடறப்ப நிறுத்தவே முடியல, குறைஞ்ச நேரத்துல ரொம்ப அதிகமா சாப்பிடறேன், இது வாரம் ஒரு தடவையாவது 3 மாசமா நடக்குதுன்னா அது பிஞ்ச் ஈட்டிங்ங்கற தனி நோயா இருக்கலாம், அதை டாக்டர்கிட்ட அதே பேரோட சொல்லுங்க, அதுக்கு தனி சிகிச்சை இருக்கு.

அண்ணனுக்கு வேற மாதிரி. பசி வரட்டும்னு காத்திருந்தா வராது, அந்த சிக்னலே மந்தமா இருக்கறதால கடிகாரம்தான் பசி. 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை சின்ன அளவு, தட்டு நிறைய வெச்சா பார்த்ததுமே மூடிக்குவார். மெல்ல முடியாத நேரத்துல குடிக்கற மாதிரி பால், கெட்டியான சூப், பழத்தோட அரைச்ச பால்னு சக்தி இருக்கற திரவம் குடுங்க, வெறும் காபி இல்ல. அவருக்கும் சாயங்காலம் மனசு கொஞ்சம் லேசாகுதுன்னா நாளோட பெரிய சாப்பாட்டை அங்க வைங்க, காலையில வற்புறுத்தி ரெண்டு பேரும் சண்டை போடறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. பக்கத்துல உக்காந்து நீங்களும் சாப்பிடுங்க, எவ்வளவு சாப்பிட்டார்னு பார்க்காதீங்க, அதைப் பத்திப் பேசாதீங்க. உங்களுக்கும் அது ஒரு ஒழுங்கான வேளை சாப்பாடா ஆயிடும்.

ஆனா அவரோட எடையை நான் டிப்ரெஷன் மேல மட்டும் போட்டுட மாட்டேன். 68ல 6 கிலோன்னா கிட்டத்தட்ட 9 சதவீதம். ஆறு மாசம் ஒரு வருஷத்துல காரணமில்லாம 5 சதவீதம் இறங்கினாலே உடம்பைப் பரிசோதிக்கணும்ங்கறது பொது விதி. தைராய்டு அதிகமா சுரந்தா எடை இறங்கும், படபடப்பும் கை நடுக்கமும் இருக்கும், பதட்டம்னே தோணும். அதை டிப்ரெஷன்ல இருந்து பிரிக்கற ஒரு நல்ல குறி, பசி நல்லா இருந்தும் எடை இறங்கறது. சர்க்கரை நோயும் அப்படித்தான், கூடவே தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருக்கும். விடாத காய்ச்சல், ராத்திரி துணி நனையற வியர்வை, விழுங்க முடியாம அடைக்கறது, மலத்துல ரத்தம், இதுல ஒண்ணு இருந்தாலும் தள்ளிப் போடாதீங்க. உங்களுக்கும் தைராய்டு பார்க்கச் சொல்வேன், குறைவா சுரந்தா மனசும் மந்தமாகும், எடையும் கொஞ்சம் ஏறும், ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை.

இன்னொண்ணு, அவர் எப்பவாவது 5 நாளுக்கு மேல கிட்டத்தட்ட எதுவுமே சாப்பிடாம இருந்துட்டா, வீட்லயே திடீர்னு நிறைய ஊட்டி சரி பண்ணப் பாக்காதீங்க. காஞ்சு போன உடம்புக்குள்ள சாப்பாடு வேகமா போனா ரத்தத்துல பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் சட்டுனு இறங்கும், இதயம் பாதிக்கும், அதை ஆஸ்பத்திரியில பார்த்துப் பார்த்துதான் குடுக்கணும். தண்ணி கூட மறுக்கறார், இல்ல வாழ வேண்டாம்ங்கற மாதிரி பேசறார்னா அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. உங்களுக்கு அப்படி எண்ணம் வந்தாலும் அதேதான், வீட்ல நம்பலைங்கறதுக்காக நீங்க காத்திருக்கக் கூடாது.

கடைசியா, நீங்க கேக்காத ஆனா அடுத்து கேக்கப் போற ஒண்ணு: டிப்ரெஷன் சரியானா எடையும் தானா சரியாகுமா? பசி போனவங்களுக்கு பெரும்பாலும் பசி திரும்பும், எடையும் பின்னாடியே வரும். ஏறினவங்களுக்கு அப்படி சுலபமா இல்ல. ஸ்விட்சர்லாந்துல லோசான் நகரத்துல ஆயிரக்கணக்கானவங்களை 5 வருஷத்துக்கு மேல தொடர்ந்து பார்த்து 2014ல வெளியிட்டாங்க, எடிப்பிக்கல் வகை இருந்தவங்களுக்கு மட்டும்தான் எடை தெளிவா ஏறியிருந்துச்சு, டிப்ரெஷன் விலகின பிறகும் அது தானா விலகல. அதனால மனசு தெளிஞ்ச பிறகு எடைக்குன்னு தனியா ஒரு வேலை பாக்கி இருக்கும், அதை அப்ப பார்த்துக்கலாம், இப்ப ஏறறது நின்னாலே போதும். திரும்பத் திரும்ப டிப்ரெஷன் வர்றவங்களுக்கு பெரும்பாலும் ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம்தான் போகுது, அதனால வருங்காலத்துல காரணமில்லாம ராத்திரி சாப்பாடு கூட ஆரம்பிச்சா உங்களுக்கு அது முன்கூட்டியே அடிக்கற மணி. நான் உங்களை நேர்ல பார்க்கல, உயரம் தெரியாது, மாத்திரை தெரியாது, அதனால மேல எழுதினதுல எது உங்களுக்குப் பொருந்தும்னு உங்க டாக்டர்தான் சொல்லணும். அடுத்த தடவை போறப்ப ஒரு தாள்ல மாத்திரை பேரும் ஆரம்பிச்ச தேதியும், பக்கத்துல மாசா மாசம் எடையும், ரெண்டு வார நாலு கட்ட நோட்டும் எடுத்துட்டுப் போங்க, முடிஞ்சா வீட்ல அந்தக் கேள்வி கேட்டவங்க ஒருத்தரையும் உள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வைங்க, டாக்டர் வாயால கேக்கட்டும்.